குளிரில் அணைந்த கைபேசியும் உட்சட்டைப் பையும்: ஒரு செய்முறைப் பதிவு

கடந்த தை மாதம் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போயிருந்தபோது, ஹோட்டன் சமவெளியின் நுழைவாயிலில் என் கைபேசி 34 வீதம் காட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே அணைந்துபோனது. அப்போது விடியற்காலை 5.40 மணி. வாயில் திறப்பதற்காக வான்கள் வரிசையில் நின்றன. வானுக்குள் இருந்த காட்டி வெளிவெப்பநிலை 5 பாகை செல்சியஸ் என்றது. கைபேசி அதுவரை என் முதுகுப்பையின் வெளிப்பக்கச் சிறு பையில், காற்றுப் படும்படி கிடந்தது. எடுத்து, பனிமூட்டத்தை ஒளிப்பதிவு செய்யத் தொடங்கிய கால் நிமிடத்தில் திரை கறுத்தது.

மச்சான் தன் பவர் பாங்கை நீட்டினார். அதுவும் அவருடைய பையின் வெளிப்புறத்தில் இருந்ததுதான். வயரைக் கொழுவியதும் மின்னேறுவதற்கான அடையாளம் ஒரு கணம் தோன்றியது; பிறகு பவர் பாங்கின் நான்கு விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. மூன்று முறை பொத்தானை அழுத்தியும் அதே கதைதான். "ரெண்டும் ஒரே நேரத்தில செத்துப்போச்சு, உம்மட கடையில வாங்கினதுதானே" என்று அவர் சிரித்தார். நான் கோண்டாவிலில் கைபேசி திருத்தும் சிறிய கடை நடத்துகிறேன். எனவே அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் சுட்டது.

ஒரு மணித்தியாலம் கழித்து, வானுக்குள் உடல்களின் சூட்டிலும் இயந்திரச் சூட்டிலும் கிடந்த கைபேசியை எவரும் மின்னேற்றாமலேயே நான் இயக்கிப் பார்த்தபோது, அது 31 வீதத்துடன் எழும்பியது. பவர் பாங்கிலும் மூன்று விளக்குகள் எரிந்தன. அப்படியானால் மின்சாரம் எங்கும் போய்விடவில்லை. உள்ளேயேதான் இருந்திருக்கிறது, வெளியே வரத்தான் முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் பற்றரிக்கு எதிரி வெயில்தான். உப்பிப்போன பற்றரிகளில் வாரத்துக்கு இரண்டையாவது கழற்றுகிறேன். ஆனால் குளிரால் முடங்கிய ஒன்றை இருபது வருடத் தொழிலில் அதுவரை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஊர் திரும்பியதும் செய்து பார்த்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு தனி மின்கலம். பழைய பவர் பாங்க் ஒன்றைத் திறந்து, மூன்று வருடம் பாவிக்கப்பட்ட லிதியம் அயன் கலம் ஒன்றை எடுத்தேன். அதைப் பாதியளவுக்கு மின்னேற்றி, இரண்டு மணித்தியாலம் சும்மா வைத்துவிட்டு மல்ரிமீற்றரால் அளந்தபோது 3.85 வோல்ற் காட்டியது. அடுத்ததாக 2.2 ஓம் அளவுடைய, 10 வாற்று தாங்கும் சீமெந்துத் தடையி ஒன்றைக் குறுக்கே பிடித்து, பத்துச் செக்கனுக்குப் பிறகு மீண்டும் வாசித்தேன். கடையின் 29 பாகைச் சூட்டில் அந்த வாசிப்பு 3.65 வோல்ற். சுமை வைத்ததும் 0.2 வோல்ற் இறங்குகிறது என்றால், அந்த இறக்கத்துக்குக் காரணம் கலத்துக்குள்ளேயே இருக்கும் அகத்தடைதான். ஓடிய மின்னோட்டம் சுமார் 1.66 அம்பியர் என்பதால், அகத்தடை 0.12 ஓம் என்று வருகிறது.

அதே கலத்தை, சிப் வைத்த பொலித்தீன் பைக்குள் காற்றை நெரித்து வெளியேற்றி மூடி, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் மூன்று மணித்தியாலம் வைத்தேன். வயர்கள் இரண்டும் கதவின் இறப்பர் விளிம்பு வழியாக வெளியே வந்தன. 4 பாகையில் சுமையில்லாத வாசிப்பு ஏறக்குறைய அதே 3.84 வோல்ற்தான். தடையியைப் பிடித்ததும் 3.46 வோல்றுக்கு இறங்கியது. அகத்தடை இப்போது 0.24 ஓம், அதாவது இரட்டிப்பு. இரவு முழுவதும் உறைபெட்டிக்குள், சுமார் மறை 16 பாகையில் வைத்துப் பார்த்தபோது சுமையின்கீழ் வாசிப்பு 2.87 வோல்றுக்கே விழுந்தது. காலையில் அந்தக் கலத்தை வெளியே எடுத்து, பையைத் திறக்காமல் நான்கு மணித்தியாலம் விட்டு மீண்டும் அளந்தேன்: 3.65 வோல்ற். எதுவுமே நடக்காதது போல.

பையைத் திறக்காமல் விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம்மூர்க் காற்றின் ஈரப்பதத்தில், குளிரூட்டியிலிருந்து எடுத்த எந்த உலோகமும் ஒரு நிமிடத்தில் வியர்த்துவிடும். அந்த வியர்வை பையின் வெளிப்புறத்தில் படிந்தால் துடைத்துவிடலாம். கைபேசியின் உள்ளே, பலகையின் மேல் படிந்தால் அந்தக் கைபேசி என்னைப் போன்ற ஒருவரிடம்தான் வரவேண்டியிருக்கும்.

கலத்துக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள யாழ்ப்பாணத்தவருக்குத் தேங்காயெண்ணெய்ப் போத்தலே போதும். மார்கழி விடியலில் அது வெள்ளையாக இறுகி, தலைக்கு வைக்க ஒரு துளியும் வழியாமல் நிற்கும். எண்ணெய் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை, வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். லிதியம் கலம் மின்சாரத்தைக் கொடுக்கும்போது, காரீயம் என்ற பென்சில் கரியின் படைகளுக்குள் ஒளிந்திருக்கும் லிதியம் அயன்கள் வெளியேறி, இடையிலுள்ள மின்பகு திரவத்தின் வழியாக மறுமுனையின் ஒட்சைட்டுக்குள் போய்ச் சேர வேண்டும். குளிரில் அந்தத் திரவம் தடிக்கிறது. அது எண்ணெய் போல இறுகிவிடுவதில்லை என்றாலும் அயன்களின் நடை தளர்கிறது. அதைவிடப் பெரிய தடங்கல், காரீயத்தின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய படலத்தைக் கடந்து அயன்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமான அந்த ஒரு அடியில் ஏற்படுகிறது. அந்தக் கடவையின் வேகம் வெப்பநிலையோடு மிகச் செங்குத்தாக மாறுவதால்தான், 29 பாகையிலிருந்து 4 பாகைக்கு வந்தபோது அகத்தடை இரட்டித்தது. மறை 16 பாகையில் ஆறு மடங்கை எட்டியது.

ஆனால் கைபேசி அணைவதற்கு அகத்தடை மட்டும் காரணமல்ல. திரையில் தெரியும் வீதம், உள்ளே போன மின்னையும் வெளியே வந்த மின்னையும் எண்ணி வைத்த ஒரு கணக்கு. அணைக்கும் முடிவை எடுப்பதோ அந்தக் கணக்கு அல்ல, அந்தக் கணத்தில் இருக்கும் வோல்ற்றளவு. கமராவும் திரையும் சேர்ந்து ஒரேயடியாக மின்னோட்டத்தை உறிஞ்சும்போது வோல்ற்றளவு ஒரு கணம் எல்லைக்குக் கீழே குதித்தால், 34 வீதம் இருந்தாலும் கைபேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஒளிப்பதிவைத் தொடங்கிய பிறகே திரை கறுத்ததன் பொருள் இதுதான். அன்று அதே வரிசையில் நின்ற என் மகளின் புதிய கைபேசி அணையவில்லை. புதிய பற்றரியின் அகத்தடை பழையதை விட மிகக் குறைவாக இருக்கும், அது இரட்டித்தாலும் தாங்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அங்கே அலைவரிசை மிகவும் பலவீனம். கோபுரத்தைத் தேடித் தேடி, கைபேசி தன் வானொலிப் பகுதியை உச்ச வலுவில் இயக்கிக்கொண்டிருந்தது. காலையில் 60 வீதமாக இருந்தது 34 ஆக இறங்கியதற்குக் குளிரை விட இந்தத் தேடலே அதிகம் பொறுப்பு என்று நினைக்கிறேன். மலைக்குப் போய்வந்து "குளிர் பற்றரியைத் தின்றுவிட்டது" என்று கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள்.

மச்சானின் பவர் பாங்குக்கு நடந்தது இதிலும் சுவையானது. பவர் பாங்குக்குள் இருக்கும் கலம் 3.7 வோல்ற் அளவில் கொடுப்பதை ஒரு சுற்று 5 வோல்றாகவோ 9 வோல்றாகவோ உயர்த்தி வெளியே அனுப்புகிறது. கைபேசி 18 வாற்று கேட்டால் அந்தச் சுற்று எப்படியாவது 18 வாற்றைக் கொடுத்தே தீரும் பிடிவாதம் உடையது. கலத்தின் வோல்ற்றளவு குளிரால் இறங்கினால், அதே வலுவைப் பெற அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். கூடுதல் மின்னோட்டத்தால் வோல்ற்றளவு இன்னும் இறங்கும். அதனால் இன்னும் கூடுதலாக இழுக்கும். கடன் வாங்கி வட்டி கட்டுபவரின் நிலைமைதான். சீமெந்துத் தடையியிடம் இந்தப் பிடிவாதம் கிடையாது. வோல்ற்றளவு இறங்கினால் தானும் குறைத்துக்கொள்ளும்.

நான் அளந்தது போன்ற கலங்கள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்த பவர் பாங்க் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தேன். உயர்த்தும் சுற்றின் இழப்பையும் சேர்த்தால், 18 வாற்றுக்குக் கலங்கள் 20 வாற்று கொடுக்க வேண்டும். சூட்டில் இரண்டு கலங்களின் கூட்டுத்தடை 0.06 ஓம், வோல்ற்றளவு 3.7 இலிருந்து சுமார் 3.34 இல் போய் நிலைக்கிறது, பிரச்சினை இல்லை. 4 பாகையில் கூட்டுத்தடை 0.12 ஓம், இப்போது வோல்ற்றளவு 2.86 வோல்ற் வரை போகிறது. பல பவர் பாங்குகள் அதற்கு முன்பே, 3 வோல்றை அண்டியே கதவை மூடிவிடும். ஆனால் அதே குளிரில், வேகமின்னேற்றம் இல்லாத சாதாரண வயரில் 5 வாற்று மட்டும் எடுத்தால், கலங்கள் 3.5 வோல்றில் அமைதியாக நிற்கின்றன. கணக்கை நம்பாமல், மச்சானின் பவர் பாங்கையே வாங்கி ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் செய்துபார்த்தேன். வேகமின்னேற்றும் வயரில் அது பதினோரு செக்கனில் அணைந்தது; தரவுக் கம்பிகள் இல்லாத, கடையில் ஐம்பது ரூபாவுக்கும் எவரும் கேட்காத மெல்லிய வயரில் ஒன்றேகால் மணித்தியாலம் ஓடியது. ஓடும்போது அதன் சொந்த இழப்புச் சூட்டிலேயே அது மெதுவாக வெப்பமாகியும்விட்டது.

இனி, எந்தப் பைக்குள் வைப்பது என்ற கேள்வி. இதை யாழ்ப்பாணத்தில் எங்கே சோதிப்பது என்று யோசித்தபோது, மீன்பிடித் துறைமுகத்துக்கு அண்மையில் ஐஸ் சேமிக்கும் குளிரறை ஒன்றில் வேலை செய்யும் நண்பர் நினைவுக்கு வந்தார். நண்பகல் வெயிலில் சுவெற்றரும் ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போன என்னைக் குருநகர்ச் சந்தியில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. அறையின் சுவரிலிருந்த வெப்பமானி மறை 4 பாகை காட்டியது. நண்பர் கதவுக்கு வெளியே நிற்க, நான் உள்ளே நாற்பது நிமிடம் மெதுவாக நடந்துகொண்டிருந்தேன்.

பற்றரியின் வெப்பநிலையை அறிய வெளிக்கருவி தேவையில்லை. பற்றரியோடு ஒட்டியிருக்கும் உணரியின் வாசிப்பை அன்ட்ரொயிட் கைபேசியே சொல்லும். கணினியோடு வயரில் இணைத்திருந்தால் `adb shell dumpsys battery` என்ற கட்டளை போதும். அதில் `temperature: 287` என்று வந்தால் 28.7 பாகை என்று பொருள். சட்டைப்பைக்குள் கிடக்கும்போதே பதிவாக வேண்டும் என்பதற்காக, நான்கு பழைய கைபேசிகளில் `Termux`, `Termux:API` ஆகிய இரண்டு செயலிகளையும் நிறுவி, `pkg install termux-api` என்ற கட்டளையையும் இட்டு, இந்தச் சிறு நிரலை ஓடவிட்டேன்:

```
termux-wake-lock
while true; do
  date +%T >> b.log
  termux-battery-status | grep temperature >> b.log
  sleep 300
done
```

முதல் வரியை விட்டுவிட்டால் திரை அணைந்ததும் கைபேசி உறங்கி, பதிவும் நின்றுவிடும். முதல் முயற்சியில் எனக்கு அதுதான் நேர்ந்தது, இருபது நிமிடக் குளிர் வீணானது.

நான்கு கைபேசிகளும் 31 பாகையில் உள்ளே போயின. முதுகுப்பையின் வெளிப்பையில் இருந்தது நாற்பது நிமிட முடிவில் 5 பாகை. ஜக்கெற்றின் வெளிப்பையில் இருந்தது 14. காற்சட்டையின் முன்பையில் 22. சுவெற்றருக்கு உள்ளே, சட்டையின் நெஞ்சுப்பையில் இருந்தது 28. ஜக்கெற்றின் வெளிப்பை இவ்வளவு மோசமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்துப் பார்த்தால் விளங்குகிறது. ஜக்கெற்றின் பஞ்சு உடலின் சூட்டை உள்ளே தடுத்து வைக்கிறது. கைபேசியோ அந்தப் பஞ்சுக்கு வெளியே, குளிரின் பக்கத்தில் தொங்குகிறது. உடுப்பு எவ்வளவு தடிப்போ அவ்வளவுக்கு அதன் வெளிப்பை குளிர்ச்சியாக இருக்கும். கைபேசி பஞ்சுக்கும் உடலுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதே நான் கண்ட ஒரே விதி. எந்தப் பை என்பது அதற்குப் பிறகுதான். காற்சட்டையின் பின்பையை நான் சோதிக்கவே இல்லை. அங்கே வைத்து உட்கார்ந்து வளைத்த கைபேசிகளைத் திருத்தியே அலுத்துவிட்டது.

மறுநாள் இன்னொன்றைப் பார்த்தேன். நெஞ்சுப்பையில் 28 பாகையில் இருந்த கைபேசியை வெளியே எடுத்து, திரை எரிய, ஐந்து நிமிடம் கையில் பிடித்திருந்தபோது அது 21 பாகைக்கு இறங்கியது. பையில் திரும்பப் போட்டு அதே 28 ஐ அடைய இருபத்தைந்து நிமிடம் ஆனது. இறங்குவது விரைவு, ஏறுவது தாமதம். குளிரறையில் காற்றோட்டம் இல்லை. மலையின் காற்றில் இறக்கம் இன்னும் வேகமாக இருக்கும். ஆகவே எடுத்தால் ஒரேயடியாக வேலையை முடித்துவிட்டு வைப்பது நல்லது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்து நேரம் பார்த்தால், நெஞ்சுப்பையில் வைத்த பயன் போய்விடும்.

பவர் பாங்கையும் அதே விதியால்தான் வைக்க வேண்டும். அதை உள்ளே வைத்து வயரைக் கழுத்து வழியாக வெளியே எடுத்து, கையிலிருக்கும் குளிர்ந்த கைபேசிக்கு மின்னேற்றலாம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அது அவ்வளவு நல்ல யோசனை அல்ல. லிதியம் கலம் 0 பாகைக்குக் கீழே மின்னை ஏற்கும்போது, அயன்கள் காரீயத்துக்குள் நுழைய முடியாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடுகின்றன. குளிரால் வரும் மற்றப் பாதிப்புகள் பெரும்பாலும் சூட்டில் மீளும். இந்தப் படிவு முழுமையாக மீளாது, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். இதனால்தான் நல்ல கைபேசிகள் கடுங்குளிரில் மின்னேற்றத்தை மெதுவாக்கும், அல்லது மறுத்துவிடும். இரண்டையும் ஒரே உட்பையில், ஒரு குட்டை வயரோடு சேர்த்து வைத்து, முதலில் பத்து நிமிடம் சூடேறவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்துவதே சரி. மின்னேறும்போது இரண்டும் விடும் இழப்புச் சூடு, வீட்டில் தொல்லையாக இருப்பது, இங்கே ஒன்றை ஒன்று காக்கிறது.

உடற்சூட்டைத் தாண்டிய குறுக்குவழிகளை நான் விரும்பவில்லை. வானின் சூட்டுக் காற்றுத் துளையின் முன்னால் வைப்பதும், தேநீர்க் கோப்பையின் மேல் வைப்பதும் கைபேசியின் ஒரு பக்கத்தை மட்டும் சுட்டு, மறுபக்கத்தில் ஈரத்தைப் படியவைக்கும். வியர்வையும் கவனிக்க வேண்டியதே. ஏற்றத்தில் நடக்கும்போது நெஞ்சுப்பை நனைந்துவிடுகிறது. கைபேசியை ஒரு பருத்திக் கைக்குட்டையில் சுற்றி, சிப் பைக்குள் போட்டால் அது தீர்ந்தது. பெண்களின் உடுப்புகளில் உட்பை என்ற ஒன்றே இல்லாத கவலையை மனைவி எழுப்பினார். எங்கள் அப்பாச்சி கொட்டப்பெட்டியைச் சேலை மடிப்புக்குள் இடுப்போடு செருகி வைத்ததுபோல, சுவெற்றருக்கு உள்ளே கட்டும் தட்டையான இடுப்புப் பை ஒன்றை அவர் தைத்துக்கொண்டார். அதில் வைத்த கைபேசி, என் நெஞ்சுப்பையை விட ஒரு பாகை சூடாகவே இருந்தது.

இந்த விதிக்கு எல்லை உண்டு. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மருமகன் மறை 18 பாகையில் பேருந்துக்குக் காத்திருந்து, என் சொற்படி உட்பையில் வைத்துப் பார்த்தார். பையில் இருந்தவரை ஒன்றுமில்லை. ஆனால் கையுறையைக் கழற்றி ஆறு நிமிடம் காணொளி அழைப்பில் பேசியதும் 40 வீதத்தில் அணைந்தது. அந்தக் குளிரில் பை தீர்வல்ல; வெளியே எடுக்காமல், செவியில் பொருத்தும் கருவியால் பேசுவதுதான் தீர்வு.

மாசி முதல் வாரத்தில் மீண்டும் ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். பட்டிப்பொலவைத் தாண்டியதுமே கைபேசியை விமான நிலைக்கு மாற்றி, பவர் பாங்கோடு சேர்த்துச் சுவெற்றருக்குள் போட்டுக்கொண்டேன். வாயிலில் 6 பாகை. மச்சான் அன்றும் தன் பவர் பாங்கை முதுகுப்பையில்தான் வைத்திருந்தார். "அதை உள்ளுக்க வையும்" என்றேன், "பாத்துக்கொள்ளலாம்" என்றார். உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் நான் ஒளிப்பதிவு செய்து முடித்தபோது என் பற்றரி 24 பாகையில், 71 வீதத்தில் இருந்தது. திரும்பும் வழியில் அவர் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார், மின்னேற்றித் தரும்படி. அந்த மெல்லிய வயரையும் கொண்டுபோயிருந்தேன்.